நடுவில் 62%, கடைசியில் 4%: mtr அறிக்கையில் எது நிஜ இழப்பு?

வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் இப்படி ஆகிறது என்று புகார் வந்தால், நெட்வொர்க் வேலை தெரிந்தவர்கள் பலரும் முதலில் ஓட்டிப் பார்ப்பது `mtr`. ட்ரேஸ்ரூட்டையும் பிங்கையும் ஒன்றாகச் சேர்த்த கருவி இது. 1997-இல் மாட் கிம்பால் எழுதினார், அடுத்த ஆண்டிலிருந்து ரோஜர் வோல்ஃப் பராமரித்து வருகிறார். விண்டோஸில் `WinMTR` என்ற பெயரில் கிடைக்கிறது. உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு ரூட்டருக்கும் திரும்பத் திரும்ப சோதனைப் பாக்கெட் அனுப்பி, எத்தனைக்குப் பதில் வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று வரிவரியாகக் காட்டும்.

ஓட்டுவது எளிது. படிப்பதில்தான் ஆள் ஆளுக்குத் தடுமாறுகிறார்கள். நடு வரியில் ஒரு பெரிய சதவீதத்தைப் பார்த்ததும் "இந்த ரூட்டர் பழுது" என்று புகார் எழுதிவிடுகிறார்கள். சேவை நிறுவனத்தின் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு "இது இழப்பே இல்லை" என்று மூடிவிடுகிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அதே அறிக்கையில் கீழே இருந்த நிஜமான இழப்பும் அதோடு சேர்ந்து மூடப்பட்டுவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே அறிக்கையில் கலந்து கிடக்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்.

```
mtr -n -r -c 200 203.0.113.80

HOST: desk              Loss%  Snt  Last   Avg  Best  Wrst StDev
 1.|-- 192.168.1.1       0.0%  200   0.9   1.2   0.7   5.8   0.6
 2.|-- 192.0.2.1         0.0%  200   6.1   6.8   5.0  18.4   1.9
 3.|-- 198.51.100.9     62.0%  200   8.2   8.7   7.4  13.9   1.1
 4.|-- 198.51.100.33     0.0%  200  11.3  96.4  10.2 412.7  88.5
 5.|-- ???              100.0  200   0.0   0.0   0.0   0.0   0.0
 6.|-- 203.0.113.2       4.0%  200  37.5  39.1  21.8  71.6  12.7
 7.|-- 203.0.113.17      4.5%  200  44.0  39.8  22.3  74.0  13.1
 8.|-- 203.0.113.80      3.5%  200  35.9  40.2  22.6  73.2  12.9
```

இதில் உள்ள பொது முகவரிகள் எல்லாம் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. யாருடைய நிஜமான ரூட்டரும் அல்ல. 198.51.100 என்று தொடங்குபவை உங்கள் சேவை நிறுவனத்தின் ரூட்டர்கள், 203.0.113 என்று தொடங்குபவை சர்வர் இருக்கும் பக்கத்து நெட்வொர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். `Snt` என்பது அனுப்பிய எண்ணிக்கை. `Last` முதல் `StDev` வரை உள்ளவை போய்வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில்.

இந்தக் கணக்கை `mtr` எப்படிப் பெறுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் அந்த ரூட்டர் பாக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு, "நேரம் முடிந்தது" என்ற ஐசிஎம்பி செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும். `mtr` டிடிஎல் 1 வைத்து ஒன்று, 2 வைத்து ஒன்று என்று ஒவ்வொரு ஹாப்புக்கும், அதாவது வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், தனித்தனியாக அனுப்பி, அந்தச் செய்திகளை எண்ணுகிறது. அதாவது மூன்றாவது வரிக்கான 200 பாக்கெட்டும் எட்டாவது வரிக்கான 200 பாக்கெட்டும் வேறு வேறு. எட்டாவதுக்குப் போகும் ஒவ்வொன்றும் மூன்றாவது ரூட்டரைக் கடந்துதான் போகிறது.

ரூட்டருக்கு உள்ளே இந்த இரண்டு வேலைகளையும் செய்வது ஒரே பகுதி அல்ல. வந்த பாக்கெட்டை அடுத்த ஹாப்புக்குத் தள்ளிவிடுவது அதற்கென்றே செய்யப்பட்ட சிப்பின் வேலை. அது மிக வேகமாக நடக்கும். "நேரம் முடிந்தது" என்று புதிதாக ஒரு செய்தி தயாரித்து அனுப்புவது பெரும்பாலும் பொதுவான சிபியுவின் வேலை. அந்த சிபியுதான் பக்கத்து ரூட்டர்களோடு ரூட்டிங் தகவலைப் பரிமாறிக்கொள்கிறது, அட்டவணையைப் புதுப்பிக்கிறது, நிர்வாகிகளின் கட்டளைகளுக்கும் பதில் சொல்கிறது. உங்கள் சோதனைக்குப் பதில் சொல்வது அதன் வரிசையில் கடைசி. அது மெத்தனம் இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. யாராவது டிடிஎல் குறைவான பாக்கெட்டுகளைக் கொட்டினால் சிபியு மூச்சுத் திணறி, ரூட்டிங்கே கெட்டுவிடும். அதனால் இந்தப் பதில்களுக்கு ஒரு வேக வரம்பு வைக்கிறார்கள். ஐபிவி4 ரூட்டர்களுக்கான 1995-ஆம் ஆண்டு விதிமுறையான ஆர்எஃப்சி 1812, இப்படி வரம்பு வைக்கும் வசதி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஐபிவி6-க்கான ஆர்எஃப்சி 4443 அதைக் கட்டாயமே ஆக்கிவிட்டது. லினக்ஸ் பெட்டி ஒன்றை ரூட்டராக வைத்திருந்தால் நீங்களே பார்க்கலாம்:

```
$ sysctl net.ipv4.icmp_ratelimit
net.ipv4.icmp_ratelimit = 1000
```

அந்த 1000 மில்லிசெகண்டில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் சிறிதளவு கூடுதலாக அனுமதித்தாலும், அதன்பின் ஒரே முகவரிக்குச் சராசரியாக நொடிக்கு ஒரு பிழைச் செய்திதான் போகும். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. `mtr` பக்கம் அது இழப்பு என்று பதிவாகும்.

இப்போது அறிக்கைக்கு வருவோம். மேலிருந்து கீழே படிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். முதலில் கடைசி வரியைப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் அழைப்பு போய்ச் சேரும் இடம் அதுதான். இங்கே 3.5%. அப்புறம் ஒவ்வொரு வரியாக மேலே ஏறி, இந்த இழப்பு எங்கே மறைகிறது என்று பாருங்கள். ஏழில் 4.5, ஆறில் 4.0. ஐந்து பதிலே சொல்லவில்லை. நான்கில் பூஜ்ஜியம். ஆக, நிஜமான இழப்பு நான்குக்கும் ஆறுக்கும் இடையில் தொடங்குகிறது.

அப்படியானால் மூன்றாவது வரியின் 62%? அந்த ரூட்டர் உண்மையிலேயே நூற்றுக்கு அறுபத்திரண்டு பாக்கெட்டைப் போட்டுவிட்டிருந்தால், அதைத் தாண்டிப் போகும் நான்காவது ஹாப்பின் சோதனையும் கிட்டத்தட்ட அதே அளவு தொலைந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்றுகூடத் தொலையவில்லை. இருநூறும் போய், இருநூறுக்கும் பதில் வந்திருக்கிறது. ஆகவே மூன்றாவது ரூட்டர் பாக்கெட்டை ஒழுங்காகத் தள்ளிவிடுகிறது, தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் பல முறை பேசாமல் இருந்துவிடுகிறது.

இதை ஒரு விதியாகவே சொல்லலாம். ஒரு ஹாப் வரையிலான நிஜமான இழப்பு, அந்த வரியிலும் அதற்குக் கீழே உள்ள வரிகளிலும் இருக்கும் எண்களில் மிகச் சிறியதைத் தாண்டாது. மூன்றாவது வரிக்கு அந்த மிகச் சிறிய எண் பூஜ்ஜியம். ஆறாவது வரிக்கு 3.5. ஒரே ரூட்டரில் வேக வரம்பும் நிஜ இழப்பும் சேர்ந்தே இருக்கும் சிக்கலான அறிக்கைகளிலும் இந்த விதி உதவும். மூன்றில் 62, நான்கிலிருந்து எல்லாவற்றிலும் 4 என்று வந்திருந்தால், 4 நிஜமாக இருக்கலாம், மீதி 58 அந்த ரூட்டரின் மௌனம். பெரிய எண்ணைப் பார்த்து மொத்தத்தையும் தள்ளிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நேரத்துக்கும் இதே தர்க்கம். நான்காவது வரியின் சராசரி 96.4, அதிகபட்சம் 412.7. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அதைத் தாண்டி எட்டாவது ஹாப்புக்குப் போய்த் திரும்பிய பாக்கெட்டுகளின் சராசரி 40 மில்லிசெகண்ட்தான், மிக மோசமானதே 73.2. நான்காவதில் பாக்கெட்டுகள் நிஜமாகவே அவ்வளவு நேரம் காத்திருந்தால், அதற்கு அப்பால் போனவை அதைவிடச் சீக்கிரம் திரும்பியிருக்க முடியாது. `Best` 10.2 என்று இருப்பதையும் கவனியுங்கள். சிபியு ஓய்வாக இருந்தபோது உடனே பதில் வந்தது, மற்ற நேரங்களில் தாமதமாகப் பதில் எழுதியது. அவ்வளவுதான்.

ஐந்தாவது வரியின் `???` இன்னும் சாதாரணமான விஷயம். அங்கே ஒரு ரூட்டர் இருக்கிறது, பதிலே அனுப்பாதபடி அமைத்திருக்கிறார்கள், அல்லது வழியில் ஒரு ஃபயர்வால் அந்தப் பதிலைத் தடுக்கிறது. அதைத் தாண்டிப் பாக்கெட்டுகள் போய் வருகின்றன என்பதற்கு ஆறாவது வரியே சாட்சி. ஆனால் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு: இழப்பு நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலா, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆறு, ஏழு, எட்டில் 4.0, 4.5, 3.5 என்று ஏறி இறங்குகிறதே, இழப்பு கீழே போகப் போகக் குறையுமா என்று சிலர் கேட்பார்கள். இருநூறில் எட்டு, ஒன்பது, ஏழு என்று எண்ணினால் வித்தியாசம் எவ்வளவு அற்பம் என்று தெரியும். நிஜமான இழப்பு 4% என்றால், இருநூறு பாக்கெட் அனுப்பும் சோதனையில் ஒன்றரை சதவீதம் அங்கே இங்கே நகர்வது இயல்பு. மூன்று வரிகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இதே காரணத்தால், பத்து பாக்கெட் மட்டும் அனுப்பிய அறிக்கையை நான் ஏற்பதில்லை. அதில் ஒன்று தவறினாலே 10% என்று காட்டும், இழப்பு 4% இருக்கும் வழியில் ஒன்றுமே தவறாமலும் போகலாம். ஒரு நொடிக்கு ஒன்று வீதம் இருநூறு அனுப்ப மூன்றரை நிமிடத்துக்குள் ஆகிவிடும். புகார் வரும் நேரத்தில் ஓட்ட வேண்டும் என்பது முக்கியம்.

மூன்றாவது ரூட்டர் வேக வரம்பால்தான் பேசவில்லை என்பதை இன்னும் உறுதி செய்ய வேண்டுமென்றால் வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

```
mtr -n -r -c 60 -i 5 203.0.113.80
```

இப்போது ஒவ்வொரு ஹாப்புக்கும் ஐந்து நொடிக்கு ஒரு சோதனைதான் போகிறது. நம் மாதிரியில் மூன்றாவது வரி 0.0% ஆகிவிடுகிறது, ஆறு முதல் எட்டு வரை 3.3, 5.0, 3.3 என்று வருகிறது. அறுபதில் இரண்டு, மூன்று, இரண்டு. கேட்கும் வேகத்தைக் குறைத்ததும் மறைந்த இழப்பு, பதிலுக்கு வைத்த வரம்பால் வந்தது. வேகத்தைக் குறைத்தும் அப்படியே நின்றது வழியில் உள்ள இழப்பு. இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. சில ரூட்டர்களில் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இல்லாமல் மொத்தமாக இருக்கும். அப்போது ஊரில் உள்ள மற்றவர்கள் செய்யும் சோதனைகளும் அதே பங்கைத் தின்னும், நீங்கள் மெதுவாகக் கேட்டாலும் எண் குறையாமல் போகலாம். எனவே குறைந்தால் வேக வரம்பு என்று நம்பலாம். குறையாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், கீழ் வரிகளின் சாட்சியமே போதும்.

கடைசி வரியில் மட்டும் இழப்பு இருந்து, அதற்கு மேல் எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் எனக்கே தயக்கம் வரும். ஏனென்றால் அதற்குக் கீழே சாட்சி சொல்ல வரி இல்லை. சர்வரும் பிங்குக்கு வேக வரம்பு வைத்திருக்கலாம், அதன் ஃபயர்வால் ஐசிஎம்பியைச் சலித்து எடுக்கலாம். அங்கே சோதனைப் பாக்கெட்டின் வகையை மாற்றுவதுதான் வழி. அந்த சர்வர் உண்மையில் சேவை தரும் போர்ட்டுக்கே தட்டிப் பார்க்க வேண்டும்:

```
mtr -n -r -c 200 -T -P 443 203.0.113.80
```

இது டிசிபி இணைப்புக் கோரிக்கை. வழக்கமான பயனர் வந்தால் எப்படியோ அப்படியே சர்வர் பதில் தர வேண்டியிருக்கும். ஐசிஎம்பியில் கடைசி வரி 30%, டிசிபியில் பூஜ்ஜியம் என்றால் இழப்பு ஏதும் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு வந்தால் கவலைப்பட நியாயம் உண்டு.

நம் மாதிரியில் அந்தச் சந்தேகம் இல்லை, மூன்று வரிகள் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. தாமதமும் கூடவே வருகிறது. ஆறு முதல் எட்டு வரை `Best` 22, `Avg` 40. சிறந்த நேரத்துக்கும் சராசரிக்கும் இடையில் 18 மில்லிசெகண்ட் எங்கோ ஒரு வரிசையில் நின்று கழிகிறது. இழப்பும் காத்திருப்பும் ஒரே இடத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை தொடர்ந்தால், இணைப்பு ஒன்று நிரம்பி வழிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வரிசை நீளும்போது தாமதம், இடம் இல்லாமல் போகும்போது இழப்பு. காலையில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் இல்லையென்றால் இன்னும் உறுதி. தாமதம் கொஞ்சமும் ஏறாமல் இழப்பு மட்டும் இருந்தால், நெரிசலைவிடப் பழுதான கேபிளையோ போர்ட்டையோ முதலில் சந்தேகிப்பேன்.

இதுவரை வந்தவர்களில் பலர் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். "நான்காவது ரூட்டரிலிருந்து ஆறாவதுக்குப் போகும் இணைப்பில் நெரிசல்" என்று எழுதிவிடுகிறார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணும் போய் வரும் இரண்டு பயணத்தின் கூட்டு. பாக்கெட் போகும்போது தொலைந்ததா, பதில் வரும்போது தொலைந்ததா என்று `mtr`-க்குத் தெரியாது. போன வழியிலேயே பதில் திரும்பும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நான்காவது ரூட்டர் உங்கள் சேவை நிறுவனத்தின் உள்ளேயே இருப்பதால் அதன் பதில் உள்வழியிலேயே திரும்புகிறது. ஆறாவது பக்கத்து நெட்வொர்க்கைச் சேர்ந்தது. அது உங்களுக்குப் பதில் அனுப்ப எந்த எல்லை இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. வேறு ஊரில் உள்ள வேறு ஒரு இணைப்பு வழியாகக்கூட அனுப்பலாம். அந்த இணைப்பு நிரம்பியிருந்தால், நம் அறிக்கையில் ஒரு வரியில்கூடத் தலைகாட்டாத ஒரு இடத்தில்தான் இழப்பு நடக்கிறது. ஆனாலும் அது ஆறாவது வரியில் தொடங்குவதுபோலத்தான் தெரியும்.

சர்வர் பக்கம் உங்களுக்கு அணுகல் இருந்தால், அங்கிருந்து உங்கள் பொது முகவரிக்கு ஒரு `mtr` ஓட்டிப் பாருங்கள். திரும்பும் வழியில் என்னென்ன ரூட்டர்கள் இருக்கின்றன என்று அது காட்டும். நம் மாதிரியில் அந்த அறிக்கையின் நடுவில் 203.0.113.6, அடுத்து 198.51.100.70 என்று வருகிறது. முதல் அறிக்கையில் இந்த இரண்டும் இல்லவே இல்லை. போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்பது நிச்சயமாகிவிட்டது. ஆனால் இதுவும் போய்வரும் கணக்கே. 198.51.100.70 முதல் 4% என்று இதிலும் இழப்பு தெரிகிறது, எந்தத் திசை என்று மட்டும் தெரியவில்லை.

திசையைப் பிரிக்க ஒரு வழிக் கணக்கு தேவை. அதற்கு `iperf3`-இன் யுடிபி சோதனை நன்றாக உதவும். சர்வரில் `iperf3 -s` ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அனுப்புபவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போடுகிறார், பெறுபவர் எந்த எண்கள் வரவில்லை என்று எண்ணுகிறார். இரண்டு பக்கத்துக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும் என்ற தொல்லைகூட இல்லை, ஏனென்றால் எண்ணிக்கைக்கு நேரம் தேவையில்லை.

```
iperf3 -c 203.0.113.80 -u -b 1M -t 60
  ...  1.00 Mbits/sec    0/5180 (0%)    receiver

iperf3 -c 203.0.113.80 -u -b 1M -t 60 -R
  ...   961 Kbits/sec  202/5180 (3.9%)  receiver
```

முதல் கட்டளையில் பாக்கெட்டுகள் உங்களிடமிருந்து சர்வருக்குப் போகின்றன, `-R` போட்டால் சர்வரிலிருந்து உங்களுக்கு வருகின்றன. போகும்போது ஒன்றும் தொலையவில்லை. வரும்போது 5180-இல் 202 தொலைந்தன. நான்குக்கும் ஆறுக்கும் இடையிலான இணைப்பு நிரபராதி. நிரம்பி வழிவது பெரும்பாலும் 203.0.113.6 என்ற ரூட்டரிலிருந்து உங்கள் சேவை நிறுவனத்துக்குள் வரும் எல்லை இணைப்பு. அழைப்பில் மற்றவர் குரல் உங்களுக்கு உடைந்து கேட்கிறது, உங்கள் குரல் அவருக்குத் தெளிவாகப் போகிறது என்றால் அதுவும் இதோடு பொருந்துகிறது. புகார் எழுதுபவரிடம் "யாருக்குக் கேட்கவில்லை?" என்று முதலிலேயே கேட்டு வைப்பது அதனால் நல்லது.

இடையில் இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். பெரிய நெட்வொர்க்குகள் உள்ளே எம்பிஎல்எஸ் என்ற முறையில் பாக்கெட்டுகளைச் சுரங்கம் போன்ற பாதையில் கொண்டுபோகின்றன. அதன் நடுவில் டிடிஎல் தீர்ந்தால், பல அமைப்புகளில் அந்தப் பதில் நேராகத் திரும்பாது. முதலில் அந்தப் பாதையின் கடைசிவரை போய், அங்கிருந்துதான் திரும்பும். எனவே பாதையின் கடைசிப் பகுதியில் உள்ள இழப்பும் தாமதமும் அதன் நடுவில் உள்ள எல்லா ஹாப்பிலும் தெரியும். ஐந்தாறு வரிகளுக்கு நேரம் ஒரே மாதிரி இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். `mtr -e` என்று ஓட்டினால், ரூட்டர்கள் தெரிவிக்கும் பட்சத்தில் எம்பிஎல்எஸ் லேபிள்களும் தெரியும். லேபிள் உள்ள வரிகளில் "இழப்பு இங்கேதான் தொடங்குகிறது" என்று கைகாட்டாமல், அந்தப் பாதை முழுவதையும் ஒரே துண்டாகப் பாருங்கள்.

சேவை நிறுவனத்துக்கு எழுதும்போது என்ன அனுப்புவது? மூன்றாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், அது பேச்சைத் திசைதிருப்பும். ராத்திரி ஓட்டிய இரு திசை `mtr` அறிக்கைகள், காலையில் ஓட்டிய அதே இரண்டு, `iperf3`-இன் இரண்டு வரிகள், ஒவ்வொன்றையும் ஓட்டிய தேதியும் மணியும் நேர மண்டலமும். "203.0.113.80-இலிருந்து எங்களுக்கு வரும் திசையில் இரவு 8 முதல் 11 வரை சுமார் 4% இழப்பு, அதோடு 18 மில்லிசெகண்ட் கூடுதல் காத்திருப்பு. எங்களிடமிருந்து போகும் திசையில் இழப்பு இல்லை. திரும்பும் வழி 203.0.113.6, 198.51.100.70" என்று எழுதினால், பொறியாளர் அந்த எல்லை இணைப்பின் போக்குவரத்து வரைபடத்தைத் திறந்து பார்க்க அது போதும். போர்ட் கொள்ளளவின் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும் தட்டையான கோடு அந்த நேரத்தில் தெரிகிறதா என்றுதான் அவர் பார்ப்பார்.

சர்வர் பக்கம் அணுகல் இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் போக முடியாது. அப்போது சொல்லக்கூடியது இது மட்டும்: நான்காவது ஹாப் வரை போய் வர இழப்பில்லை, ஆறாவதிலிருந்து போய்வரும் கணக்கில் 4%, எந்தத் திசை என்று இந்தப் பக்கத்திலிருந்து அளக்க முடியவில்லை. அப்படியே எழுதுங்கள். திசையை அவர்கள் தங்கள் எல்லை இணைப்புகளின் கவுண்டர்களிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.